ஒரு மடல், ஒரு கேள்வி



சென்ற ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், நம் தெருவில் குடியிருக்கும் தச்சர் ஒருவரின் மகன் கைப்பேசியும் கையுமாக நம் இல்லம் வந்து சேர்ந்தான். தருமபுரிப் பக்கத்திலிருந்து பெங்களூருக்குக் குடிபெயர்ந்த குடும்பம்; அக்குடும்பத்தில் பொறியியல் கல்லூரியின் வாயிலை மிதித்த முதற்பிள்ளை இவன். மின்னணுவியலில் இறுதியாண்டு பயின்று கொண்டிருந்தான். தன் கல்லூரியில் முன்பு பயின்று இன்று நல்ல பணிகளில் இருக்கும் பதினால்வருக்கு, மேற்கொண்டு என் செய்வது என்று யோசனை கேட்டு மின்னஞ்சல் விடுத்தானாம். மூன்று வாரம் கழிந்தும் ஒருவரும் விடை எழுதவில்லை. "மாமா, நீங்கள் நாள் முழுவதும் கடிதங்களோடு உறவாடுபவர். என் கடிதத்தில் என்ன பிழை என்று பாருங்கள்" என்றான்.

நாம் மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டவர். பொறியியல் நமக்குத் தெரியாது. ஆயினும் இரயில்வே அலுவலகத்தில் வருகின்ற தபாலைப் பிரித்துப் பதிவேட்டில் ஏற்றி, உரிய மேசைக்கு அனுப்புவதே நம் பிழைப்பாதலின், எந்தக் கடிதம் நகரும், எது கிடக்கும் என்பதில் ஓரளவு பழக்கமுண்டு. ஒரே மனுவில் பயணச்சீட்டுச் சலுகையும், குடியிருப்பு மாற்றமும், பாக்கித் தொகையும் கேட்டிருந்தால், அது மூன்று பிரிவுகளுக்கும் சென்று, ஒவ்வொரு பிரிவும் அடுத்த பிரிவு விடை தரட்டும் என்று காத்திருக்க, முடிவில் ஒருவரும் எழுதாமலே கட்டிற்குள் உறங்கிவிடும். ஒன்றே கேட்ட மனுவோ அன்று மாலைக்குள் குறிப்புடன் மேலே போய்விடும்.

பிள்ளையின் மின்னஞ்சலைப் படித்தோம். நானூறு சொற்களுக்கு மேலிருந்தது. கைப்பேசித் திரையில் நான்கு முறை விரலால் தள்ளினால்தான் கையொப்பம் தென்படும். முதற்பத்தி முழுவதும் நலம் விசாரிப்பும் வணக்கமும். இரண்டாம் பத்தியில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் தொடங்கித் தன் வரலாறு. மூன்றாம் பத்தியில் வேலைக்குப் போவதா, மேற்படிப்பா, வெளிநாடா, எந்தத் துறைக்கு எதிர்காலம் உண்டு, தங்கள் நிறுவனத்தில் இடம் உண்டா என ஐந்து வினாக்கள். அடியில் தன்விவரக் குறிப்பு இணைப்பாக வேறு! பொருள் வரியில் 'வழிகாட்டுதல் வேண்டி' என்பதற்கு மேல் ஒன்றுமில்லை.

இவற்றிற்கும் மேலாக ஒரு பிழை. பதினால்வருக்கும் ஒரே வாசகத்தைப் பிரதி எடுத்து அனுப்பியதில், பெயரும் நிறுவனமும் உள்ள இடங்களை மட்டும் மாற்றியிருக்கிறான். ஒட்டப்பட்ட அந்தச் சொற்கள் மற்ற வரிகளினின்று சற்றே வேறான எழுத்துருவில் நின்றன. ஓரிடத்தில் முதல்வருடைய நிறுவனத்தின் பெயர் ஏழாமவருக்குச் சென்ற மடலில் அப்படியே தங்கிவிட்டது. அனுப்பிய பிள்ளைக்கு இது தெரியவில்லை. பெறுகின்றவர் கண்ணுக்கோ முதலில் தென்படுவது இதுதான். பொது அறிக்கை ஒன்று தம் வாசலுக்கு வந்தது என்று கொள்வாரேயன்றி, ஒருவன் தம்மை நினைத்து எழுதினான் என்று கொள்வாரோ?

அன்று மாலையே புதிய மடல் ஒன்றை எழுத அமர்ந்தோம். யாருக்கு எழுதுவது என்பதிலேயே ஒரு மணி நேரம் போயிற்று. பிள்ளையின் பட்டியலில் பெரிய நிறுவனங்களின் இயக்குநர்கள் பலர் இருந்தனர். அவர்களை நீக்கச் சொன்னோம். படித்து முடித்து முப்பதாண்டு கடந்தவருக்கு, இன்று கல்லூரியை விட்டு வெளியேறுபவன் எந்த வாசலில் நிற்கிறான் என்பது நினைவில் இராது. அவர் மடல்களை வேறொருவர் படித்துத் தள்ளுவதும் உண்டு. ஐந்து முதல் பத்தாண்டுகளுக்கு முன் அதே பிரிவில் பயின்றவரே இதற்குத் தக்கவர். ஆசிரியர்களின் பெயரும் ஆய்வகத்தின் நிலையும் அவருக்குத் தெரியும். புதியவரைத் தேர்ந்தெடுக்கும் நேர்காணலிலும் அவரே பெரும்பாலும் அமர்ந்திருப்பார். இவ்வாறு வடிகட்டியதில் ஐவர் எஞ்சினர். ஐவருக்கும் ஐந்து தனி மடல்கள் என்று முடிவாயிற்று.

பிள்ளைக்கு நாட்டம் இரயில்வே சைகைத் துறையில். இரு வண்டிகளுக்கு ஒரே தடத்தில் வழி கிடைத்துவிடாதபடி சைகைகளையும் தடம் மாற்றும் முனைகளையும் ஒன்றோடொன்று பூட்டி வைக்கும் இன்டர்லாக்கிங் ஏற்பாடு இன்று பல நிலையங்களில் மின்னணுக் கருவிகளால் இயங்குகிறது. அதன் சிறு மாதிரி ஒன்றைக் கல்லூரித் திட்டப்பணியாக அவன் செய்திருந்தான். முதல் மடலில் இதைப்பற்றி ஒரு சொல்கூட இல்லை! பத்தாம் வகுப்பு மதிப்பெண் இருந்த இடத்தில் இதை வைக்கச் சொன்னோம்.

அவன் ஆங்கிலத்தில் எழுதியதை நேயர்களுக்காகத் தமிழில் தருகின்றோம்:

பொருள்: நம் கல்லூரி இறுதியாண்டு மாணவன், இரயில்வே சைகைத் துறை பற்றி ஒரு கேள்வி

மதிப்பிற்குரிய ஐயா,

நம் கல்லூரியின் மின்னணுவியல் பிரிவில் இறுதியாண்டு பயில்கிறேன். துறையிலுள்ள முன்னாள் மாணவர் பட்டியலில் தங்கள் முகவரி கிடைத்தது. கைப்பேசி மென்பொருள் பணியிலிருந்து சைகைத் துறைக்கு மாறியதாகச் சென்ற ஆண்டு எங்கள் கருத்தரங்கில் தாங்கள் கூறியதைக் கேட்டேன்.

இரண்டு தடங்கள் உள்ள சிறு நிலையத்திற்கு இன்டர்லாக்கிங் மாதிரி ஒன்றை மைக்ரோகண்ட்ரோலரில் செய்திருக்கிறேன்.

இத்துறையில் நுழைய விரும்பும் நான், அடுத்த ஆறு மாதங்களைக் கேட் தேர்வுக்குப் படிப்பதில் செலவிடுவதா, பாதுகாப்பு மென்பொருளைச் சோதிக்கும் முறைகளைக் கற்பதில் செலவிடுவதா? தாங்கள் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது எது பயன்படக் கண்டீர்கள்?

இரண்டு வரி விடையே போதும். பேசுவது எளிதெனில், செவ்வாய் அல்லது வியாழன் மாலை 6 முதல் 8 மணிக்குள் 15 நிமிடம் அழைக்கிறேன்.

அடியில் அவன் பெயர், பிரிவு, கைப்பேசி எண். அவ்வளவே.

இணைப்பு ஏதும் வைக்கவில்லை. முன்பின் அறியாதவரிடமிருந்து இணைப்போடு வரும் மின்னஞ்சலைத் திறக்கப் பலர் அஞ்சுவர். தன்விவரக் குறிப்பைக் கண்டவுடன் 'வேலை கேட்கிறான்' என்ற எண்ணமும் எழுந்துவிடும். யோசனை கேட்பது வேறு, தம் நிறுவனத்தில் பரிந்துரைக்கக் கேட்பது வேறு. பின்னதைச் செய்ய ஒருவர் தம் பெயரைப் பணயம் வைக்க வேண்டும். முதல் மடலிலேயே அதைக் கேட்டால் முன்னதும் கிடைக்காது போகும்.

கேள்வியின் அமைப்பையும் சற்று நோக்குக. 'இத்துறைக்கு எதிர்காலம் உண்டா?' என்று கேட்டிருந்தால் அதற்கு விடை எழுத ஒரு கட்டுரை வேண்டும். அவ்விடையும் எந்தச் செய்தித்தாளிலும் கிடைக்கும். இரு வழிகளைச் சொல்லி, நாளெல்லையும் சொல்லி, அவர் தேர்ந்தெடுக்கையில் கண்டதைக் கேட்டமையால், அவர் எதையும் தேடிப் பார்க்க வேண்டியதில்லை, நினைவிலிருந்தே எழுதிவிடலாம். அனுப்புமுன் அம்மடலைத் தன் தந்தையின் கைப்பேசிக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னோம். பெரும்பகுதி ஒரே திரையில் அடங்கியது. தச்சர் அதைக் கூர்ந்து நோக்கிவிட்டு, "என்ன கேட்கிறாய் என்று எனக்கே விளங்குகிறதே!" என்றார். அவருக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவே தெரியும். நமக்கு அதுவே போதிய சான்றாயிற்று.

இவ்விடத்தில் நம் ஊரிலேயே நடந்த ஒரு நிகழ்ச்சி நினைவிற்கு வருகிறது. 1974-ஆம் ஆண்டு, இங்குள்ள இந்திய அறிவியல் கழகத்தில் முதுநிலைப் படிப்பின் முடிவில் இருந்த மாணவி ஒருவர், அறிவிப்புப் பலகையில் டெல்கோ நிறுவனத்தின் வேலை விளம்பரத்தைக் கண்டார். பெண்கள் விண்ணப்பிக்க வேண்டா என்று அதன் அடியில் இருந்தது. அவர் ஓர் அஞ்சலட்டையில் தம் மறுப்பை எழுதி நேரே ஜே. ஆர். டி. டாட்டாவிற்கு அனுப்பினார். பத்து நாள்களுக்குள், புனேயில் நேர்காணலுக்கு வருமாறு தந்தி வந்தது, பணியும் கிடைத்தது. அவரே பின்னாளில் எழுத்தாளராகவும் இன்ஃபோசிஸ் அறக்கட்டளையின் தலைவராகவும் அறியப்பட்ட சுதா மூர்த்தி. அது யோசனை கேட்ட மடலன்று, முறையீடு. ஆதலின் முடிவு செய்யவல்ல தலைவருக்கே எழுதியது பொருந்தும். எனினும், அஞ்சலட்டையில் இடம் இல்லாமையால் ஒன்றைத்தான் எழுத முடியும். மின்னஞ்சலில் இடத்திற்கு எல்லை இல்லாமையே நம் பிள்ளைகளுக்கு வினையாகிறது போலும்.

இனித் தச்சர் மகன் கதைக்கு வருவோம். ஐந்து மடல்களும் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சென்றன. ஒன்று முகவரி பழையதாகையால் அன்றே திரும்பியது. ஒருவர் மூன்றாம் நாள், தாம் அத்துறையை விட்டுவிட்டதாக ஒரு வரி எழுதினார். மற்றை மூவரும் வாய் திறக்கவில்லை. பிள்ளை மறுநாளே நினைவூட்டத் துடித்தான். பத்து நாள் பொறுக்கச் சொன்னோம். அதன்பின், புதிய மடல் தொடங்காது, பழைய மடலுக்கு அடியிலேயே, 'தாங்கள் பணி மிகுதியில் இருக்கக்கூடும். நேரம் வாய்ப்பின் விடை தருக' என்று இரண்டே வரி. அதற்கும் விடை இல்லையேல் அவரை விட்டுவிடுவது என்று முன்னரே பேசி வைத்திருந்தோம். மூன்றாம் முறை எழுதுவது கடன்காரன் கதவைத் தட்டுவது போலாகும்.

கருத்தரங்கில் பேசிய அந்த அன்பர் நினைவூட்டல் சென்ற அன்றிரவே விடை எழுதினார். முதல் மடலைப் பயணத்தில் படித்துவிட்டு மறந்ததாகக் குறிப்பிட்டு, வியாழன் மாலை அழைக்கச் சொன்னார். பதினைந்து நிமிடம் முடிந்ததும் பிள்ளை தானே, "ஐயா, நேரம் ஆயிற்று" என்றானாம். அவரோ மேலும் இருபது நிமிடம் பேசினார். அவர் சொன்னது இது: எந்தச் சைகை எந்தத் தடத்திற்கு, எந்த முனைகள் எந்நிலையில் இருக்கும்போது பச்சை காட்டலாம் என்பதை வகுக்கும் அட்டவணையைப் படித்து, அதற்கு எதிராகச் சோதனைகள் எழுதத் தெரிந்த புதியவர்கள் அரியர், கேட் தேர்வை மறு ஆண்டும் எழுதலாம், ஆதலால் தம் மாதிரியில் மின்சாரம் அறுந்தால் சைகை சிவப்புக்குத் திரும்புகிறதா என்பதிலிருந்து தொடங்கிச் சோதனைகளை எழுதி ஆவணப்படுத்துக. இஃது ஒருவரது கருத்தே. வேறு நிறுவனத்தார் வேறு சொல்லக்கூடும் என்பதையும் அவரே சொன்னார்.

அன்றிரவே நன்றி மடல் சென்றது. பலர் அத்தோடு நின்றுவிடுவர். ஜனவரியில், தான் எழுதிய நாற்பது சோதனைகளில் மூன்று தன் மாதிரியின் பிழையைக் காட்டிக் கொடுத்ததையும் அதைத் திருத்திய விதத்தையும் அவன் அவருக்கு ஐந்து வரியில் எழுதினான். எதையும் கேட்கவில்லை. அதற்கு வந்த விடையில்தான் அவர் முதன்முறையாகத் தன்விவரக் குறிப்பைத் தாமே கேட்டார்.

அனுப்புமுன் பிள்ளை மீண்டும் நம்மிடம் வந்தான். இம்முறை நாம் கண்ட குறை ஒன்றே. மடல்களெல்லாம் கல்லூரி தந்த முகவரியிலிருந்து சென்றுகொண்டிருந்தன. படிப்பு முடிந்த சில மாதங்களில் அம்முகவரியை மூடிவிடும் கல்லூரிகள் உண்டு. அவர் ஜூலையில் எழுதினால் அது யாரைப் போய்ச் சேரும்? தன் சொந்த முகவரியையும் சேர்த்து, இனி இதற்கே எழுதுமாறு ஒரு வரி எழுதச் சொன்னோம். சொந்த முகவரி எதுவென்று கேட்டதற்குத் தயங்கித் தயங்கிக் காட்டினான். பள்ளி நாளில், ஒரு நடிகரின் பட்டப்பெயரில் தொடங்கியது! சிரித்துக்கொண்டே, தன் பெயரில் புதிதாக ஒன்று தொடங்கிவிட்டு வரும்படி அனுப்பிவைத்தோம்.