காப்பி எடுக்கக் காசே ஆகாத பிளானருக்கு என்ன விலை வைக்கலாம்? - 1 டாலருக்குள் ஒளிந்திருக்கும் கணக்கு!

ராத்திரி முழுக்க உட்கார்ந்து அழகான பட்ஜெட் பிளானர் ஒன்றை டிசைன் பண்ணிட்டீங்க. பி.டி.எஃப் ரெடி. வாங்குறவங்க டவுன்லோடு பண்ணி, வீட்டிலேயே பிரின்ட் எடுத்துக்குவாங்க. பேப்பர் செலவு, கூரியர் செலவு எதுவுமே உங்களுக்கு இல்லை. ஒருத்தர் வாங்கினாலும் ஆயிரம் பேர் வாங்கினாலும் ஃபைல் ஒண்ணுதான்.

இப்போ விலை போடணும். பக்கத்து ஷாப்பில் இதே மாதிரி பிளானர் 3 டாலர். இன்னொருத்தர் 2 டாலர். ‘நமக்கு என்ன நஷ்டம், 1 டாலர்னு போட்டுடுவோம். நிறைய பேர் வாங்குவாங்க’ என்று கை தானாகவே கீழே போகும். இந்தத் தொழிலில் பலரும் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான். ஏன்னா, காப்பி எடுக்கத்தான் காசு ஆகாது. விற்கக் காசு ஆகும்!

45 சென்ட் எனும் கண்ணுக்குத் தெரியாத செலவு

பிரின்டபிள் பிளானர்களுக்குப் பெரிய சந்தை, அமெரிக்காவின் எட்ஸி தளம். அங்கே ஷாப் வைத்திருக்கும் ஓர் அமெரிக்க விற்பனையாளரின் கணக்கைப் பார்ப்போம். ஒரு பொருளைப் பட்டியலில் போட 20 சென்ட். அது விற்றதும் மறுபடி பட்டியலில் ஏற இன்னொரு 20 சென்ட். ஆக, ஒவ்வொரு விற்பனைக்கும் 20 சென்ட் என்று வைத்துக்கொள்ளலாம். விலையில் 6.5 சதவிகிதம் தளத்தின் கமிஷன். பணத்தை வாங்கித் தருவதற்கு 3 சதவிகிதமும், ஆர்டருக்கு 25 சென்ட்டும் தனி.

இதில் சதவிகிதம் விலையோடு சேர்ந்து ஏறி இறங்கும். ஆனால் 20-ம் 25-ம் சேர்ந்த அந்த 45 சென்ட் இருக்கே... நீங்கள் 1 டாலருக்கு விற்றாலும் 10 டாலருக்கு விற்றாலும் அசையாது. பிரதிக்கான செலவு பூஜ்ஜியம்னு நினைச்சீங்கல்ல? அது உண்மையில் 45 சென்ட்.

இப்போ போட்டுப் பார்ப்போம். வரி, விளம்பரக் கட்டணம் எல்லாம் தனி. அதை இங்கே சேர்க்கவில்லை. 1 டாலருக்கு விற்றால் கையில் நிற்பது சுமார் 45 சென்ட். பாதிக்கு மேல் காலி. 5 டாலருக்கு விற்றால் சுமார் 4 டாலர் 7 சென்ட் நிற்கும். அதாவது, 5 டாலரில் ஒரே ஒரு பிளானர் விற்றுக் கிடைப்பதை 1 டாலரில் சம்பாதிக்க, 9 பிளானர் விற்கணும். விலையை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தோம். வேலையோ ஒன்பது மடங்கு!

2022 ஏப்ரலில் எட்ஸி தன் கமிஷனை 5 சதவிகிதத்திலிருந்து 6.5 ஆக உயர்த்தியபோது, விற்பனையாளர்கள் பலர் ஒரு வாரம் ஷாப்பை மூடி ஸ்டிரைக் செய்தார்கள். 50 டாலருக்குக் கைவினைப் பொருள் விற்பவருக்கு அது பெரிய அடிதான். ஆனால், 1 டாலர் பிளானர் விற்பவருக்கு அந்த உயர்வால் போனது ஒன்றரை சென்ட். அவரை ஏற்கெனவே தின்றுகொண்டிருந்தது அந்த 45 சென்ட்.

‘50% ஆஃப்’ போடுறதுக்கு முன்னாடி...

6 டாலர் பிளானரில் கையில் நிற்பது 4 டாலர் 98 சென்ட். அதையே பாதி விலைக்கு, 3 டாலருக்குக் கொடுத்தால் நிற்பது 2 டாலர் 26 சென்ட். முன்பு 10 விற்று வந்த பணம் இப்போது வர, 22 விற்கணும். பாதி விலைன்னா இரண்டு மடங்கு விற்றால் போதும் என்ற மனக்கணக்கு இங்கே தப்பு.

அந்தக் கூடுதல் 12 பேரும் சும்மா வர மாட்டார்கள். ‘ஃபைல் ஓபன் ஆகலை’, ‘ஏ4 சைஸில் பிரின்ட் எடுத்தா ஓரம் வெட்டுது’ என்று சிலர் மெசேஜ் போடுவார்கள். பதில் சொல்லப் போகும் 15 நிமிஷமும் செலவுதான்.

இன்னொரு விஷயம். 3 டாலருக்கு மட்டுமே விற்ற பொருளுக்கு ‘6 டாலர்’ என்று போட்டு அடித்துக் காட்டுவது வெறும் தந்திரம் இல்லை, சிக்கல். பழைய விலை என்று காட்டுவது, நியாயமான காலத்துக்கு நிஜமாகவே கேட்ட விலையாக இருக்கணும் என்கின்றன, அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் விதிமுறைகள்.

குறைக்காமல் கூட்டுவது எப்படி?

உங்களிடம் பட்ஜெட் பிளானர், ஹேபிட் டிராக்கர் என இரண்டு ஃபைல் இருக்கு. வேலைக்குப் போகும் ஒருவர் பட்ஜெட்டுக்கு 5 டாலர் தருவார்; டிராக்கருக்கு 2-க்கு மேல் தர மாட்டார். கல்லூரி மாணவி ஒருவருக்கு அப்படியே தலைகீழ். தனித்தனியாக 5 டாலர் வைத்தால் ஆளுக்கு ஒன்று வாங்குவார்கள். கட்டணம் போக மொத்தம் 8 டாலர் 15 சென்ட்.

இரண்டையும் சேர்த்து 7 டாலர் செட் ஆகப் போடுங்கள். இருவருமே வாங்குவார்கள். கட்டணம் போக 11 டாலர் 77 சென்ட். யாருக்கும் விலையைக் குறைக்கவில்லை. இரண்டாவது ஃபைலைக் கொடுக்கத் தனிச் செலவும் இல்லை. காப்பிக்குக் காசு ஆகாது என்பது நிஜமாகவே உதவுவது இங்கேதான்.

ஆனா, பட்ஜெட் மட்டும் போதும், டிராக்கர் வேண்டவே வேண்டாம்னு சொல்றவரும் இருப்பார். செட் மட்டும் வைத்தால் அவர் போய்விடுவார். அதனால் தனியாக 5, சேர்த்து 7 என்று இரண்டும் கடையில் இருக்கட்டும். தொடர்பே இல்லாத 40 ஃபைலை அள்ளிப்போட்டு ‘மெகா செட்’ ஆக்குவதில் இந்தப் பலன் வராது. வேண்டாத ஃபைலுக்கு யாரும் 2 டாலர்கூட மதிப்பு கொடுக்க மாட்டார்கள்.

விலையை மாற்றிப் பார்க்கும்போதும் கவனம். தேதி போட்ட பிளானர் காலண்டர் மாதிரி. டிசம்பர், ஜனவரியில் பறக்கும், மார்ச்சில் தூங்கும். டிசம்பரில் 4 டாலர், பிப்ரவரியில் 6 டாலர் வைத்துவிட்டு, ‘விலை ஏத்தினதும் விற்பனை விழுந்துடுச்சு’ என்று முடிவு செய்தால், அது விலையின் தப்பில்லை, மாதத்தின் தப்பு. 10 விற்பனை 7 ஆவதெல்லாம் தற்செயலாகவே நடக்கும். தேதி போடாத பிளானரில் சோதித்துப் பார்ப்பது நல்லது.

நம்ம ஊரில் 49 ரூபாய் சரியா?

இங்கே வேற கதை. வாடிக்கையாளர் யு.பி.ஐ மூலம் நேரடியாக அனுப்பும் பணத்துக்கு, 2020 ஜனவரியிலிருந்து வணிகரிடம் எம்.டி.ஆர் கட்டணம் கிடையாது. அந்த 45 சென்ட் சுவர் இல்லாததால், 49 ரூபாயும் கிட்டத்தட்ட முழுசாகவே கைக்கு வரும். ஆனால் பணம் வந்ததா எனப் பார்த்து, வாட்ஸ்அப்பில் ஃபைலை அனுப்புவது நீங்கள்தான். ஓர் ஆர்டருக்கு 5 நிமிஷம் போனால், ஒரு மணி நேரத்துக்கு 12 ஆர்டர், அதாவது 588 ரூபாய். அதை ஆட்டோமேட்டிக்காகச் செய்யும் தளத்துக்குப் போனால் கமிஷன் திரும்பி வரும்.

ஆக, விலை போடும் முன் பக்கத்து ஷாப்பைப் பார்க்காதீங்க. ஒரு ஆர்டருக்கு, விலை எதுவானாலும் மாறாமல் போகும் காசு எவ்வளவு, நிமிஷம் எவ்வளவு என்று ஒரு பேப்பரில் எழுதுங்க. உங்க பிளானரின் முதல் பக்கத்திலேயே எழுதலாம். அந்தத் தொகை விலையில் பாதியைத் தின்னுதுன்னா, அந்த விலைக்கு விற்க வேண்டாம் பாஸ்!