குரூப் வந்துச்சு, ஆச்சி குரல் வரலை

போன மாசம் டவுன் பஸ்ல போனைத் தொலைச்சுட்டேன் மக்களே. இது புலம்பல் பதிவுதான். ஆனா உள்ளே கொஞ்சம் விஷயமும் இருக்கு, பொறுத்துக்கோங்க.

டூப்ளிகேட் சிம் வாங்கி, புது ஆண்ட்ராய்டு போன்ல பழைய நம்பர், பழைய கூகுள் அக்கவுண்ட் ரெண்டையும் போட்டு வாட்ஸ்அப்பை நிறுவினேன். Restore வேணுமான்னு கேட்டுச்சு, அமுக்கினேன். குடும்பக் குரூப்பு, காலேஜ் குரூப்பு, ஆபீஸ் குரூப்பு எல்லாம் வரிசையா வந்து நின்னுச்சு. புது மெசேஜ் கூட கொட்டுச்சு. அப்பாடா, எதுவும் போகலைன்னு நிம்மதியா தூங்கிட்டேன்.

மறுநாள் ஆச்சி பேசி அனுப்பின வாய்ஸ் மெசேஜைத் தேடினா காணோம். மேலே தள்ளிப் பார்த்தா ஜனவரி 12 வரைக்கும் சாட் இருக்கு. அதுக்கு அடுத்தது போன் தொலைஞ்ச ஏப்ரல் 20. நடுவுல மூணு மாசம் மொத்தமா ஓட்டை. ஆச்சி தவறினது மார்ச்ல.

ஏன் இப்படின்னா, குரூப்ல நாம இருக்கோங்கிற கணக்கு சர்வர்ல நம்ம நம்பரோட இருக்கு. அதனால குரூப்பு தானா வந்துடும். மெசேஜ் அப்படி இல்லை. நம்ம போனுக்கு வந்து சேர்ந்ததும் சர்வர்ல அழிஞ்சுடும். வந்து சேராததை மட்டும் 30 நாள் வரைக்கும் வச்சிருக்கும். போன் தொலைஞ்ச பிறகு வந்த மெசேஜ் கிடைச்சது அதனாலதான். மத்ததெல்லாம் கடைசி பேக்கப் தேதி வரைக்கும்தான்.

அந்தத் தேதி ஜனவரியிலேயே நின்னதுக்கும் காரணம் இருக்கு. முன்னாடி ஆண்ட்ராய்டுல இந்த பேக்கப் கூகுளோட இலவச 15 ஜிபி கணக்குல வராது. 2024லேர்ந்து வருது. என் 15 ஜிபி போட்டோவாலேயே நிரம்பிப் போச்சு, பேக்கப்பும் நின்னு போச்சு. தினமும் பேக்கப்னு செட் பண்ணி வச்சதோட சரி, அந்தப் பக்கமே நான் எட்டிப் பார்க்கலை. இத்தனைக்கும் ஆபீஸ்ல சர்வர் பேக்கப் சரியா ஓடுச்சான்னு பார்க்கிறதுதான் என் வேலை!

குடும்பக் குரூப்ல ஆச்சி பேசினதை எல்லாம் அக்கா தன் போன்லேர்ந்து ஃபார்வர்ட் பண்ணிட்டா. எனக்கு மட்டும் தனியா அனுப்பினது ஆச்சி போன்லதான் இருந்திருக்கும். அதை ரீசெட் பண்ணி மாமா பையனுக்குக் கொடுத்தாச்சு.

என்னைக் கேட்டா, பேக்கப் ஆன்ல இருக்குன்னு சொல்றதுல அர்த்தமே இல்லை, கடைசித் தேதி என்னன்னுதான் கேட்கணும். Settings, அதுல Chats, அதுல Chat backup. இப்பவே போய் தேதியைப் பாருங்க. பழசா இருந்தா கூகுள்ல இடத்தைக் காலி பண்ணுங்க, இல்லாட்டி Include videos-ஐ ஆஃப் பண்ணிட்டு Back up அமுக்குங்க.

பார்த்துட்டு உங்க தேதி என்னன்னு பின்னூட்டத்துல போடுங்க. என்னை விட மோசமா யாராவது இருக்கீங்களான்னு பார்ப்போம்.