பெயர் இல்லை, சரி. காரணம் எங்கே?

போன வருடம் எங்கள் அணியின் ஒரு புராஜெக்ட் செத்துப்போனது. ஒரு துணி மொத்த வியாபாரிக்குப் பழைய சரக்குக் கணக்கு மென்பொருளிலிருந்து புதியதற்கு மாற்றிக் கொடுக்கும் வேலை. எட்டு மாதம் உழைத்தோம். ஓட்டிப் பார்த்த இரண்டாவது மாதம் வாடிக்கையாளர் போதும்டா சாமி என்று பழையதுக்கே திரும்பிப் போய்விட்டார். கிடங்கில் இருக்கும் சரக்கும் திரையில் தெரியும் சரக்கும் ஒருநாளும் ஒத்துப்போகவில்லை.

பிறகு வழக்கம்போல ஒரு பரிசீலனை அறிக்கை. "யாரையும் குற்றம் சொல்லக் கூடாது, பெயர் வரக் கூடாது" என்று மேலாளர் சொல்லிவிட்டார். எழுதியவர்களில் நானும் ஒருவன். இரண்டு பக்கம். "தேவைகள் முழுமையாகப் புரிந்துகொள்ளப்படவில்லை." "தரவு போதுமான அளவு சோதிக்கப்படவில்லை." கடைசியில் ஒரு பாடம்: "இனி தொடக்கத்திலேயே கூடுதல் கவனம் செலுத்தப்படும்." எல்லோருக்கும் திருப்தி. யாருக்கும் வலிக்கவில்லை. அந்த அறிக்கை ஒரு மோசடி என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பள்ளியில் செய்வினை, செயப்பாட்டுவினை படித்தோமே, நினைவிருக்கிறதா? "படவில்லை" என்று முடித்தால் செய்தவரைச் சொல்லாமலே வாக்கியம் நின்றுவிடும். அலுவலகங்களில் குற்றம் சாட்டாத அறிக்கை என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் இந்த இலக்கண வித்தைதான். ஆளை எடுக்கிறோம். கூடவே முடிவையும், சூழலையும், தேதியையும் எடுத்துவிடுகிறோம். மிஞ்சுவது "தேவைகள் புரிந்துகொள்ளப்படவில்லை." இதை எந்த நிறுவனத்தின் எந்தத் தோல்விக்கும் ஒட்டலாம்.

பெயர் இல்லாமல் காரணத்தை எழுதவே முடியாதா? முடியும். எழுதியிருக்கிறார்கள்.

மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் கதையை என்ஜினியரிங் காலேஜில் ஜோக்காகக் கேட்டிருப்பீர்கள். "எவனோ ஒருத்தன் யூனிட்டை மாத்தாம விட்டான், விண்கலம் காலி." 1998 டிசம்பரில் கிளம்பிய விண்கலம், 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை அடைந்த நாளிலேயே தொலைந்தது. நவம்பரில் நாசாவின் விசாரணைக் குழு முதல் அறிக்கையை வெளியிட்டது. அதில் அந்த "எவனோ ஒருத்தன்" இல்லை. ஆனால் "படவில்லை" மூட்டமும் இல்லை.

விஷயம் இதுதான். அந்த விண்கலத்துக்கு ஒரு பக்கம் மட்டும் சூரியத் தகடு. சூரிய ஒளியின் அழுத்தம் அதை மெல்லத் திருப்பப் பார்க்கும். உள்ளே சுழலும் சக்கரங்கள் அந்தத் திருப்பத்தை வாங்கிக்கொள்ளும். சக்கரங்கள் எல்லையைத் தொடும்போது சின்ன உந்துகருவிகளை இயக்கி அவற்றைத் தணிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் விண்கலத்தின் பாதை ஒரு துளி நகரும். அந்தத் துளியைக் கணக்கிட்டது பூமியில் ஓடிய `SM_FORCES` என்ற மென்பொருள். ஒப்பந்த ஆவணம் கேட்டது நியூட்டன்-நொடி. மென்பொருள் கொடுத்தது பவுண்டு-நொடி. இரண்டுக்கும் 4.45 மடங்கு வித்தியாசம். அந்தக் கோப்பில் ஒவ்வொரு துளியும் இருப்பதைவிட 4.45 மடங்கு சிறியதாக ஏறியது.

ஜோக் இங்கே முடிந்துவிடும். அறிக்கை இங்கேதான் ஆரம்பிக்கிறது. மூல காரணம் என்று அலகுப் பிழையை ஒரு வரியில் சொல்லிவிட்டு, பங்களித்த காரணங்களாக எட்டைப் பட்டியலிடுகிறது. ஏனென்றால் உண்மையான கேள்வி, தப்பு எப்படி வந்தது என்பதல்ல. வந்த தப்பு ஒன்பது மாதம் எப்படி மாட்டாமல் இருந்தது என்பது.

முதல் நான்கு மாதம் அந்தக் கோப்புகளின் வடிவத்திலேயே பிழை. அதனால் அவற்றைப் பயன்படுத்தவே இல்லை, தகவல் மின்னஞ்சலில் போனது. ஏப்ரலில் கோப்பு சரியானது. அடுத்த சில நாட்களிலேயே எண்கள் ஏதோ இடிக்கிறது என்று வழிசெலுத்தும் குழு கவனித்துவிட்டது. ஆமாம், கவனித்துவிட்டார்கள். ஆனால் சந்தேகம் மின்னஞ்சல்களில்தான் சுற்றியது. கோளாறு என்று பதிந்தால் யாராவது பதில் சொல்லி மூடியே ஆகவேண்டிய முறையான படிவம் ஒன்று இருந்தது. அதில் அது ஏறவில்லை. அந்தக் குழு ஒரே நேரத்தில் மூன்று விண்கலங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்த விண்கலம் எப்படிக் கட்டப்பட்டது, உந்துகருவி எத்தனை தடவை இயங்கும் என்ற பழக்கமும் அவர்களுக்கு இல்லை.

கடைசி வாரம் இன்னும் கொடுமை. 226 கிலோமீட்டர் உயரத்தில் செவ்வாயை நெருங்கத் திட்டம். புதிய கணிப்புகள் 150, 170 என்றன. கடைசி 24 மணி நேரத்தில் 110. தாங்கக்கூடிய குறைந்தபட்சம் 80. பாதையைத் திருத்த ஐந்தாவதாக ஒரு வாய்ப்பு இருந்தது. பேசினார்கள், செய்யவில்லை. அவசரத்துக்கு அதைச் செய்யும் ஆயத்தம் போதவில்லை. பிறகு கணக்கிட்டபோது விண்கலம் போனது 57 கிலோமீட்டரில்.

இப்போது யோசியுங்கள். மென்பொருளை எழுதியவரின் பெயரைப் போட்டு அவரை வேலையை விட்டு அனுப்பியிருந்தால், இந்தக் கதையில் எது மாறியிருக்கும்? மின்னஞ்சலில் செத்துப்போகும் சந்தேகம் அங்கேயேதான் செத்துக்கொண்டிருக்கும். பெயர் கிடைத்ததும் கேள்வி நின்றுவிடும். பெயரைச் சொல்லாதது கருணை அல்ல. கேள்வி அங்கே நிற்காமல் அடுத்த படிக்குப் போவதற்காக.

"அப்போ பொறுப்பு யாருக்குமே இல்லையா?" என்று நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். நியாயமான சண்டை. தெரிந்தே பொய் சொன்னவர், மறைத்தவர் விஷயம் வேறு. அதற்குத் தனி விசாரணை வேண்டும், அது இந்தத் தாளில் வராது. மற்றபடி பெயர் இல்லாத அறிக்கையில் பொறுப்பு பின்னால் இருக்காது, முன்னால் இருக்கும். இனி எந்தப் பொறுப்பில் இருப்பவர் எதை எப்போது செய்வார் என்பது ஒவ்வொரு பாடத்தின் கீழும் இருக்க வேண்டும். "கவனமாக இருப்போம்" என்பது பாடமே அல்ல. கவனமாக இருந்தோமா என்று யாரும் சரிபார்க்க முடியாது.

இதுவும் மந்திரம் அல்ல. அதே குழு கவனம் வைக்கச் சொன்ன இன்னொரு விண்கலம், மார்ஸ் போலார் லேண்டர், 1999 டிசம்பர் 3 அன்று வேறு காரணத்தால் தொலைந்தது. ஒரு அறிக்கை தான் பார்த்த ஓட்டையைத்தான் அடைக்கும்.

எங்கள் புராஜெக்டுக்கு வருகிறேன். மூன்றாவது மாதம் அணியின் புதுப் பெண் ஒருவர் குழு அரட்டையில் கேட்டார்: "அண்ணா, இந்த அளவுங்கற காலம்ல இருக்கறது மீட்டரா, பீஸா? ரெண்டும் கலந்த மாதிரி இருக்கு." பதில் சொன்னது நான்தான். "கேட்டுச் சொல்றேன்மா."

கேட்கவே இல்லை.

வாடிக்கையாளரிடம் எதைக் கேட்பதென்றாலும் வெள்ளிக்கிழமை அரைமணி நேர அழைப்பில், மேலாளர் வழியாகத்தான். அந்த வாரப் பட்டியல் புதன்கிழமையே மூடியாயிற்று. அடுத்த வாரம் வேறு தீ. கேள்வி அரட்டையில் மேலே மேலே போய் மறைந்தது. அறிக்கையில் என் பெயர் வராது என்று தெரிந்தபோது எனக்கு வந்த நிம்மதியை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அந்த நிம்மதியில்தான் "புரிந்துகொள்ளப்படவில்லை" என்று எழுதினேன்.

எழுதியிருக்க வேண்டியது இது: "மூன்றாவது மாதமே அளவில் மீட்டரும் பீஸும் கலந்திருப்பதை அணி கண்டுபிடித்தது. அந்தக் கேள்வி அரட்டையில் எழுந்தது, திறந்த கேள்விகளின் பட்டியல் என்று ஒன்று நம்மிடம் இல்லை. வாடிக்கையாளரை எட்ட வாரம் அரைமணி நேரமே வழி. இனி தரவு பற்றிய எந்தக் கேள்வியும் பட்டியலில் ஏறும். அதில் ஒன்று திறந்திருந்தாலும் அணித் தலைவர் தரவை மாற்ற அனுமதிக்க மாட்டார்."

இதிலும் என் பெயர் இல்லை. ஆனால் படிக்கும்போது எனக்கு வலிக்கிறது.

அந்தப் புதுப் பெண் இன்றும் எங்கள் அணியில்தான் இருக்கிறார். இப்போதெல்லாம் அரட்டையில் கேள்வி கேட்பதில்லை.