ஊர் திரும்பியவரின் இரண்டு கடிகாரங்கள்

துபாயில் 22 ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்துவிட்டு, 2023 செப்டம்பர் 10 அன்று நிரந்தரமாக ஊர் திரும்பிய என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் வந்திருந்தார். இங்குள்ள வங்கியில் அவருக்கு என்.ஆர்.இ. வைப்பு, துபாய் வங்கியில் ஒரு சேமிப்புக் கணக்கு. "மூன்று ஆண்டுகளுக்கு எதற்கும் வரி இல்லையாமே, சார்?" என்று கேட்டார். பாதிதான் உண்மை.

வருமான வரிச் சட்டம் நாள்களை எண்ணுகிறது. அந்த நிதியாண்டில் அவர் இந்தியாவில் இருந்தது 204 நாள்கள். 182 தாண்டியதால் அவர் 'வசிப்பவர்'. ஆனால் முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பதிலாவது வசிக்காதவராக இருந்தவர் 'சாதாரணமாக வசிப்பவர் அல்லர்' என்ற இடைநிலையைப் பெறுவார். அந்த நிலையில் துபாய்க் கணக்கின் வட்டிக்கு இங்கே வரி இல்லை. 2023-24, 2024-25 இரண்டு ஆண்டுகளுக்கும் இது அவருக்குப் பொருந்தியது.

அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமோ நோக்கத்தைப் பார்க்கிறது. இங்கேயே தங்கிவிடும் எண்ணத்துடன் வந்திறங்கிய அன்றே அவர் அதன்படி இந்தியவாசி. என்.ஆர்.இ. வட்டிக்கான விலக்கு இந்தச் சட்டத்தின் வரையறையைச் சார்ந்தது என்பதால் அதுவும் அன்றே முடிந்தது. துபாயில் கிடக்கும் பணத்தின் வட்டிக்கு வரி இல்லை, சொந்த ஊர் வங்கியில் இருக்கும் பணத்தின் வட்டிக்கு உண்டு! திரும்பியதை வங்கிக்குத் தெரிவித்து, வைப்பை ஆர்.எஃப்.சி. எனும் வெளிநாட்டு நாணயக் கணக்குக்கு மாற்றியிருந்தால், இடைநிலை நீடிக்கும்வரை அந்த வட்டிக்கு விலக்கு கிடைத்திருக்கும். அவர் சொல்லவில்லை, வங்கியும் வரி பிடிக்காமல் வட்டியைச் சேர்த்துக்கொண்டே வந்தது. வட்டி குறைவாக இருந்தால் வரித் தள்ளுபடியில் கரைந்துவிடலாம். கணக்கை மாற்றாத மீறல் அப்படிக் கரைவதில்லை. அதற்கான தண்டம் தொடர்புடைய தொகையைப்போல் மூன்று மடங்குவரை போகலாம்.

மூன்றாம் ஆண்டான 2025-26இல் பத்தாண்டுக் கணக்கு உதவாது. முந்தைய ஏழு ஆண்டுகளில் இந்தியாவில் இருந்தது 729 நாள்களுக்கு மேற்படாவிட்டால்தான் இடைநிலை தொடரும். திரும்பிய பின் 204, அடுத்த ஆண்டு 365, ஆக 569. அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் விடுப்புக்கு ஆண்டுதோறும் 30 நாள்கள் வந்திருந்தால் மொத்தம் 719, தப்பித்தார். 33 நாள்கள் என்றால் 734. துபாய் வட்டிக்கும் வரி வரும். அந்தக் கணக்கைப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்டவும் வேண்டும். வட்டியே இல்லாவிட்டாலும் காட்ட வேண்டும். மறைத்தால் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் தண்டம். அசையாச் சொத்து நீங்கலாக மொத்த மதிப்பு 20 லட்சத்துக்கு மேற்படாதவர்களுக்கு மட்டும் 2024 அக்டோபர் முதல் இதில் விலக்கு உண்டு.

"விடுப்பு நாள்கள் நினைவிருக்கிறதா?" என்று கேட்டேன். பழைய கடவுச்சீட்டைத் தேடப் போயிருக்கிறார்.