நெஞ்செரிவு நின்றுவிட்டால் கமராப் பரிசோதனையும் நிற்கலாமா?

எம்மவர் வீடுகளில் 'கஸ்ரிக்' குளிசை இல்லாத அலுமாரி குறைவு. பத்து, பதினைந்து வருடங்களாக நெஞ்செரிவோடு காலம் கழித்தவர்களில் சிலருக்கு, வாய்வழியாகக் கமரா விட்டுப் பார்த்தபின் 'பரெற்ஸ்' என்ற பெயர் அறிக்கையில் வருகிறது. சில வருடங்களில் திரும்ப வரும்படி நிபுணர் சொல்லி அனுப்புகிறார். குளிசையால் எரிவு நின்றதும், "இப்ப ஒண்டும் இல்லைத்தானே, ஏன் திரும்பவும்?" என்று அந்தத் தவணையைக் கைவிடுகிறோம். இது தவறான கணக்கு என்பதே எமது கருத்து.

உணவுக் குழாயின் உட்தோல், எமது வாயின் உட்புறம் போன்ற வெளிறிய தட்டைத் தோல். இரைப்பை அமிலமும் பித்தமும் வருடக்கணக்காக மேலே வந்து அதைப் புண்ணாக்கும்போது, சிலருக்கு அந்த இடத்தில் குடலின் உட்தோலை ஒத்த, சிவந்த புதுத் தோல் வளர்கிறது. 1950இல் இது பற்றி எழுதிய லண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் நோர்மன் பரெற்றின் பெயரே இதற்கு நிலைத்தது. இந்தப் புதுத் தோல் அமிலத்தை அவ்வளவாக உணர்வதில்லை. ஆகவே எரிவு குறைவது நல்ல செய்தியாகவே இருக்க வேண்டும் என்றில்லை. குளிசை அமிலத்தைக் குறைக்கும், புண்ணை ஆற்றும். ஆனால் மாறிய தோலைப் பெரும்பாலும் பழைய நிலைக்குக் கொண்டுவராது.

ஒருவரின் அறிக்கையில் 'சி 2, எம் 5' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரைப்பை தொடங்கும் இடத்திலிருந்து 2 சென்ரிமீற்றர் உயரத்துக்குக் குழாயின் சுற்றளவு முழுவதும் மாறியுள்ளது, நாக்குப் போன்ற நீட்சி 5 சென்ரிமீற்றர் வரை ஏறியுள்ளது என்பது பொருள். நிபுணர் ஒவ்வொரு 2 சென்ரிமீற்றருக்கும் நான்கு பக்கமும் சிறு துண்டுகள் எடுப்பார். இவருக்குப் பன்னிரண்டு துண்டுகள் வரை வரலாம். "இத்தனை ஏன்?" என்று பலர் பயப்படுகிறார்கள். புற்றுநோய்க்கு முந்திய உயிரணு மாற்றம் திட்டுத்திட்டாகவே இருக்கும், கமராவில் பல சமயம் கண்ணுக்குத் தெரியாது. ஓரிரு துண்டு எடுத்தால் தப்பிவிடும்.

துண்டுகளில் அந்த மாற்றம் இல்லையென்றால், 3 சென்ரிமீற்றரும் அதற்கு மேலும் உள்ள இவரைப் போன்றோருக்கு மூன்று வருடத்திலும், அதற்குக் குறைந்தோருக்கு ஐந்து வருடத்திலும் மறுபரிசோதனை என்று 2022ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டி சொல்கிறது. சிறு அளவு மாற்றம் தெரிந்தால் இன்னொரு நோயியல் நிபுணரும் துண்டைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். கடும் மாற்றமென்றால், அந்தத் தோலைக் கமரா வழியாகவே வெட்டியோ வெப்பத்தால் சுட்டோ அகற்றலாம். ரொறன்ரோவில் சென். மைக்கல்ஸ் வைத்தியசாலை இவ்வகைச் சிகிச்சைக்குப் பெயர் பெற்றது. முன்னர் இந்த நிலைக்கு உணவுக் குழாயையே சத்திரசிகிச்சையால் அகற்றினார்கள். நேரத்தோடு கண்டுபிடிப்பதன் பயன் இங்கேதான் இருக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மாற்றம் இல்லாத பரெற்ஸ் ஒரு வருடத்தில் புற்றுநோயாவது ஆயிரம் பேரில் ஓரிருவருக்கே. தெற்காசியரிடம் பரெற்ஸ் வெள்ளையரை விடக் குறைவு. 2025இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வொன்றில் 3,400க்கும் மேற்பட்டோரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் மறுபகுதியினருக்குத் தேவைப்பட்டபோதும் கமரா விட்டார்கள். பன்னிரண்டு வருடங்களுக்குப் பின்னும் இறப்பில் வேறுபாடு தெரியவில்லை. தேவைப்பட்டபோது மட்டும் என்று விடப்பட்டவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் இடையில் கமராவுக்குப் போனார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது, வருடாவருடம் கமரா வேண்டும் என்று வைத்தியரை நெருக்குவதில் பயனில்லை என்பதே. அதுபோல, நெஞ்செரிவு உள்ள எல்லோருக்கும் பரிசோதனை வேண்டியதில்லை என்று கனடிய தடுப்பு மருத்துவச் செயலணி 2020இல் கூறியது. 75 வயது தாண்டியவர்கள், பழைய துண்டுகளில் மாற்றம் இல்லையென்றால், தொடர்வதா என்று வைத்தியரிடமே கேட்கலாம்.

இங்கே தவணைகள் தவறுவதற்குப் பயம் மட்டும் காரணமல்ல. குடும்ப வைத்தியர் மாறுகிறார், வீடு மாறுகிறது, மூன்று வருடத்துக்கு முந்திய கடிதம் யாரிடமும் இல்லை. மொழிபெயர்க்கப் போகும் பிள்ளை, அம்மா பயந்துவிடுவா என்று "சும்மா புண்" என்று சொல்லிவிடுகிறது. அறிக்கையின் பிரதியையும் துண்டுகளின் முடிவையும் கேட்டு வாங்கி, அடுத்த தவணை எந்த வருடம் என்பதை அதில் எழுதி வைக்கச் சொல்கிறோம். குடும்ப வைத்தியரின் பரிந்துரையோடு செய்யும் இந்தப் பரிசோதனைக்கான செலவை ஓஹிப் ஏற்கிறது. மயக்க ஊசி போடுவதால் அன்று வாகனம் ஓட்ட முடியாது, கூட்டிச்செல்ல ஒருவர் வேண்டும்.

விழுங்கும்போது சாப்பாடு சிக்குவது, காரணமின்றி உடல் மெலிவது, கறுப்பு மலம் போவது, இரத்தச்சோகை ஆகியன இருந்தால் மூன்று வருடத் தவணைக்குக் காத்திராமல் அந்த வாரமே குடும்ப வைத்தியரை அழையுங்கள்.