நலமாகத் தெரியும் குழந்தைக்கும் 48 மணி நேரம்

குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமி, பல பெண்களின் பிறப்புப் பாதையில் எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கிறது. அது தாய்க்கு நோயன்று. தூய்மைக் குறைவின் அடையாளமும் அன்று. ஆயினும், பேற்றின்போது குழந்தையைச் சென்றடைந்து, மிகச் சில குழந்தைகளின் இரத்தத்திலோ நுரையீரலிலோ மூளையுறையிலோ தொற்றை உண்டாக்கலாம். அதனைத் தடுக்கவே, கிருமி இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்த தாய்க்குப் பேறுவலி தொடங்கியதும் பெனிசிலின் அல்லது ஆம்பிசிலின் மருந்தை நரம்பு வழியே செலுத்துகிறோம். முன்கூட்டியே மாத்திரையாகத் தருவது பயன்படாது. பேற்றுக்குள் கிருமி மீண்டும் குடியேறிவிடக்கூடும்.

இம்மருந்து பேற்றுக்குக் குறைந்தது 4 மணி நேரம் முன்னதாகச் செலுத்தப்பட்டிருந்தால்தான் பாதுகாப்பு போதுமானது எனக் கொள்கிறோம். எல்லாப் பேறுகளும் அவ்வளவு நேரம் பொறுப்பதில்லை. நிறைமாதத் தாய் ஒருவர் அதிகாலை 2 மணிக்கு வலியுடன் வருகிறார் என வைத்துக்கொள்வோம். 2.15க்கு 2 கிராம் ஆம்பிசிலின் செலுத்தப்படுகிறது. 4.30க்குக் குழந்தை பிறந்துவிடுகிறது. இடைவெளி இரண்டேகால் மணி நேரமே. தாய்க்குக் காய்ச்சல் இல்லை. குழந்தை நன்றாக அழுகிறது, பால் குடிக்கிறது. “நாளைக் காலையே வீட்டுக்கு அழைத்துச் செல்லலாமா?” என்று பாட்டி கேட்பது இயல்பே.

கூடாது என்பதே எங்கள் கருத்து. அதே வேளையில், இக்குழந்தைக்கு உடனே ஊசி போடுங்கள் என்று சிலர் வற்புறுத்துவதையும் நாங்கள் ஏற்பதில்லை. நலமாக உள்ள நிறைமாதக் குழந்தைக்குத் தேவை மருந்தன்று, கண்காணிப்பு. பிறந்தபின் 36 முதல் 48 மணி நேரம் வரை, அதாவது மறுநாள் மாலை தொடங்கி அதற்கடுத்த அதிகாலை வரையேனும், குழந்தை தாயருகிலேயே எங்கள் பார்வையில் இருக்க வேண்டும். தொடக்க நிலைத் தொற்று பெரும்பாலும் இக்காலத்திலேயே வெளிப்படும் என்பதே காரணம்.

செவிலியர் குழந்தையின் மூச்சை எண்ணுவதும் உடற்சூட்டைப் பார்ப்பதும் இதற்காகவே. மூச்சு நிமிடத்திற்கு 60க்கு மேல் தொடர்ந்து செல்லுதல், முனகல், பால் குடிக்க மறுத்தல், எழுப்பியும் விழிக்காத சோர்வு, உடல் சில்லிடுதல் அல்லது சுடுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே இரத்தப் பரிசோதனை செய்து மருந்தைத் தொடங்குவோம். இத்தொற்று சில மணி நேரத்திலேயே முற்றக்கூடியது.

தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை.

வீடு திரும்பிய பின்னும் ஒன்றை நினைவிற்கொள்ளுங்கள். முதல் வாரத்திற்குப் பின், ஏறத்தாழ மூன்று மாதம் வரை வரக்கூடிய பிந்திய தொற்றைப் பேற்றுவேளை மருந்து தடுப்பதில்லை. அக்காலத்தில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் கண்டாலோ, குழந்தை பாலை மறுத்துத் துவண்டாலோ, கைவைத்தியம் பார்க்காமலும் விடியும்வரை காத்திராமலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். தாய்க்குக் கிருமி இருந்ததையும் மறவாமல் சொல்லுங்கள்.