சராசரி லாபத்தைக் காட்டி விற்காதீர்கள்

தென்காசி மாவட்டத்தில் மியூச்சுவல் ஃபண்ட் இப்போது வங்கிக் கிளைகளின் மேசையிலிருந்து இறங்கி வீட்டுத் திண்ணை வரை வந்துவிட்டது. ஓய்வுபெற்ற ஆசிரியரின் பணிக்கொடையும் வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய பணமும் அதில் போகின்றன. சேமிப்பு வைப்பறையை விட்டு வெளியே வருவதை நாம் வரவேற்கிறோம். ஆனால், அந்தப் பணத்தைக் கேட்டு வருபவர்கள் வாயால் சொல்லும் கணக்கும், ஃபண்ட் நிறுவனம் அச்சிட்ட கையேட்டில் இருக்கும் கணக்கும் பல நேரம் ஒன்றாக இருப்பதில்லை. கையேட்டில் சிஏஜிஆர் என்ற கூட்டு வருடாந்திர வளர்ச்சி விகிதம் இருக்கும். வாய்ப்பேச்சிலும் வாட்ஸ்அப் படத்திலும் ‘ஆண்டுக்குச் சராசரியாக இத்தனை சதவீதம்’ என்று வரும். பின்னது பெரும்பாலும் பெரிய எண். அந்தச் சராசரியைக் காட்டி ஃபண்ட் விற்பது நிறுத்தப்பட வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு.

இரண்டும் எவ்வளவு தூரம் விலக முடியும் என்பதற்குக் கற்பனைக் கணக்கு தேவையில்லை. தேசியப் பங்குச்சந்தையின் நிஃப்டி குறியீடு 2007 டிசம்பர் இறுதியில் 6,138.60 புள்ளிகளில் முடிந்தது. அமெரிக்க வீட்டுக்கடன் நெருக்கடி உலகச் சந்தைகளை உலுக்கிய 2008-இன் இறுதியில் அது 2,959.15. அடுத்த ஆண்டு மீண்டெழுந்து 5,201.05. 2010 இறுதியில் 6,134.50. ஆண்டு வாரியாகப் பார்த்தால் முதலாண்டு 51.8 சதவீத இழப்பு, இரண்டாம் ஆண்டு 75.8 சதவீத லாபம், மூன்றாம் ஆண்டு 17.9 சதவீத லாபம். மூன்றையும் கூட்டிக் கழித்து மூன்றால் வகுத்தால் ஆண்டுக்குச் சராசரி சுமார் 14 சதவீதம் வருகிறது. அந்த ஆண்டுகளில் வங்கி வைப்புத்தொகை எட்டாத உயரம்.

இப்போது பணத்தைப் பார்ப்போம். அந்தக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஒன்றில் 2007 இறுதியில் ஒரு லட்சம் ரூபாய் போட்டவரின் கையில் ஓராண்டு கழித்து இருந்தது 48,206 ரூபாய். அடுத்த ஆண்டின் 75.8 சதவீதம் அவருடைய பழைய ஒரு லட்சத்துக்கு வரவில்லை. மிஞ்சிய 48,206-க்குத்தான் வந்தது. அதனால் 84,727. மூன்றாம் ஆண்டு முடிவில் 99,933 ரூபாய். மூன்று ஆண்டுகள் காத்திருந்தும் போட்ட முதலைவிட 67 ரூபாய் குறைவு. சிஏஜிஆர் இதைச் சரியாகச் சொல்கிறது: பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே. நிறுவனங்கள் வழங்கிய ஈவுத்தொகையைச் சேர்த்தால் ஆண்டுக்கு ஒரு சதவீதம் அளவுக்குக் கூடியிருக்கும். அப்போதும் 14 எங்கே, அது எங்கே?

இந்த வித்தியாசம் ஏன் வருகிறது என்பது குற்றாலத்தில் சீசன் கடை போடுபவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரலை நம்பி இரண்டு லட்சம் முதல் போடுகிறார் ஒருவர். தென்மேற்குப் பருவமழை ஏமாற்றிவிட, பாதி போய் ஒரு லட்சம் மிஞ்சுகிறது. மறு வருடம் நல்ல சீசன். ஐம்பது சதவீத லாபம். ஐம்பது போய் ஐம்பது வந்ததால் சரிக்குச் சரி என்று அவர் சொல்வாரா? கையில் இருப்பது ஒன்றரை லட்சம். பழைய இடத்துக்கு வர அவருக்கு நூறு சதவீத லாபம் வேண்டியிருந்தது. இழப்பு முதலையே குறைத்துவிடுவதால், அதற்குப் பின் வரும் லாபம் சிறிய தொகையின் மீதே நிற்கிறது. எளிய சராசரியில் இதற்கு இடமே இல்லை. அது எல்லா ஆண்டுகளையும் ஒரே முதலின் மீது நடந்தவையாகப் பாவிக்கிறது.

ஆண்டுதோறும் ஒரே வட்டி தரும் வைப்புத்தொகையில் சராசரிக்கும் சிஏஜிஆருக்கும் வித்தியாசமே வராது. ஏற்ற இறக்கம் கூடக் கூடத்தான் இடைவெளி அகலும். அதாவது, எந்த ஃபண்ட் அதிகம் ஆட்டம் காண்கிறதோ அதைத்தான் சராசரி மிக அழகாகக் காட்டும். நம் எதிர்ப்பின் மையம் இதுதான். ஆபத்து அதிகமான திட்டத்துக்குச் சாதகமாகவே சாயும் ஓர் அளவுகோலை, ஆபத்தைத் தாங்க முடியாத குடும்பங்களின் முன்னால் வைப்பது நியாயமல்ல.

இன்னொரு வகைச் சராசரியும் புழக்கத்தில் இருக்கிறது. பத்தாயிரம் ஐந்தாண்டில் இருபதாயிரம் ஆனது, நூறு சதவீதம், ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்கு இருபது என்பார்கள். உண்மையில் ஆண்டுக்கு 14.9 சதவீதம் வளர்ந்தாலே பத்தாயிரம் ஐந்தாண்டில் இரட்டித்துவிடும். சந்தேகம் இருப்பவர்கள் வீட்டில் கணினி தெரிந்த பிள்ளையிடம் எக்செல் கட்டத்தில் இதை அடிக்கச் சொல்லலாம்:

```
=(20000/10000)^(1/5)-1
```

சராசரி என்றால் மக்களுக்கு எளிதில் புரியும், சிஏஜிஆர் புரியாது என்று முகவர்கள் சொல்கிறார்கள். சராசரி பொய்யான கணக்கும் அல்ல. ஏதோ ஓர் ஆண்டில் சுமாராக என்ன கிடைத்தது என்ற கேள்விக்கு அது பொருந்தும். முதலீட்டாளர் கேட்கும் கேள்வி வேறு. போட்ட பணம் இத்தனை ஆண்டில் எவ்வளவு ஆனது என்பதற்கு அது விடையே அல்ல. புரியும்படி சொல்ல வேண்டுமென்றால் சதவீதத்தையே விட்டுவிட்டு ரூபாயில் சொல்லட்டும். விளம்பரத்தில் பழைய லாபத்தைக் காட்டும்போது ஓராண்டு, மூன்றாண்டு, ஐந்தாண்டு, தொடக்கம் முதல் இன்றுவரை என சிஏஜிஆரில் காட்ட வேண்டும், பத்தாயிரம் ரூபாய் என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும் என்று 2017-லேயே செபி விதித்துவிட்டது.

சிஏஜிஆரும் முழு உண்மையைச் சொல்வதில்லை என்பதை மறைக்க நாம் விரும்பவில்லை. அது தொடக்கத்தையும் முடிவையும் மட்டுமே பார்க்கிறது. நடுவில் பணம் பாதியாகக் கரைந்ததை அது சொல்லாது. தொடங்கும் தேதியைச் சற்று நகர்த்தினால் எண்ணே மாறிவிடும். அதே நிஃப்டியை 2007-க்குப் பதிலாக 2008 இறுதியிலிருந்து கணக்கிட்டால், 2010 வரையிலான இரண்டு ஆண்டுகளுக்கு சிஏஜிஆர் 44 சதவீதம்! ஆகவே ஒரே ஒரு காலத்தின் எண்ணை மட்டும் பெரிய எழுத்தில் போட்டிருந்தால், மற்ற காலங்களின் எண்களையும், ஆண்டு வாரியான ஏற்ற இறக்கத்தையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். மாதாமாதம் எஸ்ஐபி கட்டுபவர்கள் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கையேட்டின் சிஏஜிஆர், மொத்தமாக ஒரே நாளில் போட்ட பணத்துக்கானது. தவணை ஒவ்வொன்றும் வெவ்வேறு காலம் ஃபண்டில் இருப்பதால், அவர்களுக்கு உரிய கணக்கு எக்ஸ்ஐஆர்ஆர்.

புதிய சட்டம் எதுவும் வேண்டாம். ஃபண்ட் நிறுவனம் தரும் விளம்பரத்தைத்தான் பயன்படுத்த வேண்டும், தாங்களாக வடிவமைக்கக் கூடாது என்று ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் நடத்தை விதி முகவர்களைக் கட்டுப்படுத்துகிறது. அந்த விதி வாட்ஸ்அப் படத்துக்கும் துண்டுச்சீட்டுக்கும் பொருந்தும் என்பதை ஆம்ஃபி வெளிப்படையாக அறிவித்து, மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும். ஃபண்ட் நிறுவனங்கள் கையேட்டின் முதல் பக்கத்திலேயே பத்தாயிரம் ரூபாயின் கதையை ஆண்டு வாரியாக, தமிழில், அடிக்குறிப்பாக அல்லாமல் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘சராசரி’ என்று யாராவது சொன்னால், எந்தத் தேதியில் போட்ட பத்தாயிரம் எந்தத் தேதியில் எவ்வளவு ஆனது என்று கேளுங்கள். அதை எழுதித் தர மறுப்பவரின் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.